1900 லீப் ஆண்டு இல்லை: நூற்றாண்டுகளில் மட்டும் தவறும் செயற்கூறு

நிரல் எழுதப் பழகுபவர்கள் தொடக்க வாரங்களிலேயே எழுதிப் பார்க்கும் பயிற்சிகளில் ஒன்று, ஓர் ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டா இல்லையா என்று சொல்லும் செயற்கூறு. "நான்கால் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டு" என்று பள்ளியில் படித்தது மனத்தில் பதிந்திருப்பதால், பெரும்பாலானோர் பைத்தான் மொழியில் அதை முதலில் இப்படித்தான் எழுதுகிறார்கள்:

```python
def is_leap(year):
    return year % 4 == 0
```

இங்கே `%` என்ற குறி, வகுத்த பின் எஞ்சும் மீதியைத் தருகிறது. மீதி சுழியம் என்றால் விடை `True`, இல்லையென்றால் `False`. 2024 கொடுத்தால் `True` வருகிறது, 2023 கொடுத்தால் `False` வருகிறது, தாம் பிறந்த ஆண்டைக் கொடுத்துப் பார்த்தாலும் சரியான விடையே வருகிறது. எழுதியவர் பணி முடிந்தது என்று நினைத்து அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். ஆனால் இதே செயற்கூறு 1900-க்கும் `True` என்கிறது. 1900-ஆம் ஆண்டின் பிப்ரவரி மாதத்துக்கு 28 நாட்களே இருந்தன. பிப்ரவரி 28 புதன்கிழமை முடிந்ததும் வியாழக்கிழமை மார்ச் 1 பிறந்துவிட்டது. இல்லாத ஒரு நாளை இந்தச் செயற்கூறு இருந்ததாகச் சொல்கிறது.

முழு விதி மூன்று அடுக்குகள் கொண்டது. நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு என்பது முதல் அடுக்கு. அவற்றுள் நூறால் வகுபடுபவை மட்டும் லீப் ஆண்டு அல்ல என்பது இரண்டாவது. அப்படி விலக்கப்பட்டவற்றுள்ளும் நானூறால் வகுபடுபவை மீண்டும் லீப் ஆண்டே என்பது மூன்றாவது. ஆகவே 1700, 1800, 1900, 2100 ஆகியவை லீப் ஆண்டுகள் அல்ல. 1600, 2000, 2400 ஆகியவை லீப் ஆண்டுகள். விதி, அதற்கு ஒரு விலக்கு, அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு என்ற இந்த அமைப்பை மனப்பாடம் செய்வதைவிட, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. காரணம் தெரிந்தவர் நிபந்தனையை விட்டுவிட மாட்டார்.

பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் அதே இடத்துக்கு வர ஏறத்தாழ 365.2422 நாட்கள் ஆகின்றன. ஜூலியஸ் சீசர் காலத்தில் நடைமுறைக்கு வந்த ஜூலியன் நாட்காட்டி, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாளைக் கூட்டி, ஆண்டின் சராசரியை 365.25 நாட்களாக வைத்தது. இதனால் ஆண்டுக்கு 0.0078 நாள், அதாவது சுமார் 11 நிமிடம், மிகுதியாகச் சேர்ந்தது. ஒருவர் வாழ்நாளில் இது தெரியவே தெரியாது, ஆனால் கி.பி. 325-இல் நடந்த நைசியா திருச்சபை மாநாட்டின் காலத்திலிருந்து 1582 வரையான 1257 ஆண்டுகளில் இந்தச் சிறு மிகுதி பெருகி, ஏறக்குறைய பத்து நாட்களாகிவிட்டது. ஆகவே திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி, 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 என்று அறிவித்துப் பத்து நாட்களை நீக்கினார். இனியும் அந்த மிகுதி சேராமலிருக்க ஒரு விதியும் தேவைப்பட்டது. 0.0078-ஐ 400-ஆல் பெருக்கினால் 3.12 வருகிறது, எனவே 400 ஆண்டுகளில் மூன்று லீப் நாட்களை நீக்கிவிட்டால் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடும். அந்த 400 ஆண்டுகளில் வரும் நான்கு நூற்றாண்டு ஆண்டுகளுள் மூன்றில் பிப்ரவரி 29-ஐ எடுத்துவிட்டு, நானூறால் வகுபடும் ஒன்றில் மட்டும் விட்டுவைத்தார்கள். நிரலில் நாம் எழுதும் 100, 400 என்ற எண்கள் இரண்டும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

ஒரு நாள் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். நாட்களை எண்ணிக் கிழமை கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். 1900 ஜனவரி 1 திங்கட்கிழமை. அதிலிருந்து 2000 ஜனவரி 1 வரை எத்தனை நாட்கள்? நூறு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 365 வீதம் 36500 நாட்கள். அதோடு இடைப்பட்ட லீப் நாட்களைச் சேர்க்க வேண்டும். 1904 தொடங்கி 1996 வரை 24 லீப் ஆண்டுகள் வருவதால் மொத்தம் 36524 நாட்கள். இதை ஏழால் வகுத்தால் மீதி 5. திங்களிலிருந்து ஐந்து நாள் தள்ளினால் சனிக்கிழமை. 2000 ஜனவரி 1 உண்மையிலேயே சனிக்கிழமைதான். நம் முதல் செயற்கூறோ 1900-ஐயும் லீப் ஆண்டாக எண்ணி 25 நாட்களைச் சேர்க்கும். மொத்தம் 36525, மீதி 6, விடை ஞாயிற்றுக்கிழமை. தவறு நடந்தது 1900 பிப்ரவரியில். அது வெளிப்படுவது நூறு ஆண்டு கழித்து வரும் ஒரு தேதியில். அதனால்தான் இந்த வகைப் பிழையைத் தேடுபவர்கள் 2000-ஐச் சுற்றியே பார்த்துக்கொண்டிருந்து, காரணம் கிடைக்காமல் திகைக்கிறார்கள்.

நூறால் வகுபடும் ஆண்டுகள் விலக்கு என்று யாராவது சொன்னதும், எழுதியவர் செயற்கூறைத் திருத்துகிறார்:

```python
def is_leap(year):
    return year % 4 == 0 and year % 100 != 0
```

இப்போது 1900-க்கு `False` வருகிறது, 2100-க்கும் அப்படியே. ஆனால் 2000-க்கும் `False` வந்துவிடுகிறது. என் பார்வையில் முதல் தவற்றைவிட இந்த அரைத் திருத்தம்தான் இன்று கூடுதல் தொல்லை தரும். முதல் செயற்கூறு தவறும் 1900 நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாத காலம், 2100 இன்னும் வராத காலம், 2000 அப்படியன்று. 2000 பிப்ரவரி 29 ஒரு செவ்வாய்க்கிழமை, அன்று பிறந்தவர்கள் இன்று நம்மிடையே வேலை பார்க்கிறார்கள், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கிறார்கள், வங்கியில் கணக்குத் தொடங்குகிறார்கள். பிறந்த தேதி சரியானதுதானா என்று பார்க்கும் படிவத்தில் இந்தச் செயற்கூறு உட்கார்ந்திருந்தால், 29-02-2000 என்று உண்மையை எழுதியவரிடம் "இப்படி ஒரு தேதி இல்லை" என்று அது சொல்லிவிடும். அவர் 28 என்றோ மார்ச் 1 என்றோ மாற்றி எழுதினால், சான்றிதழில் உள்ள தேதியோடு அது பொருந்தாமல் போகும்.

இதற்கு அடுத்த நிலையில், மூன்று நிபந்தனைகளும் தெரிந்த பிறகும் நேரும் ஒரு தவறு உண்டு. கீழே உள்ளதைச் சற்றுப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்:

```python
def is_leap(year):
    if year % 4 == 0:
        return True
    elif year % 100 == 0:
        return False
    elif year % 400 == 0:
        return True
    return False
```

4, 100, 400 ஆகிய மூன்று எண்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் எழுதியுள்ள விடையும் சரி. ஆனாலும் 1900-க்கு `True` வருகிறது. கணினி மேலிருந்து கீழாகப் படிக்கிறது. 1900-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 475, மீதி சுழியம். முதல் நிபந்தனை நிறைவேறியதும் `return True` என்று சொல்லிவிட்டு அது வெளியேறிவிடுகிறது. `elif` என்பது மேலே உள்ள நிபந்தனை பொய்யானால் மட்டுமே பார்க்கப்படும் கிளை. நூறால் வகுபடும் எந்த எண்ணும் நான்காலும் வகுபடும் என்பதால், இரண்டாவது, மூன்றாவது கிளைகளின் `return` வரிகளுக்கு எந்த ஆண்டும் வந்து சேர முடியாது. காகிதத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தாலும் நடப்பில் இருப்பது ஒன்றே. நிபந்தனைகள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்க்கும்போது, எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதோடு, கட்டுப்பாடு அவை வரை போய்ச் சேர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

திருத்தம் எளியது. மிகக் குறைவான ஆண்டுகளுக்குப் பொருந்தும் நிபந்தனையை முதலில் வைத்து, பொதுவான நிபந்தனையைக் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும்:

```python
def is_leap(year):
    if year % 400 == 0:
        return True
    if year % 100 == 0:
        return False
    return year % 4 == 0
```

இதில் 1900-ஐ விட்டுப் பார்ப்போம். 400-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 300. ஆகவே முதல் வாசல் அதை உள்ளே விடவில்லை. 100-ஆல் வகுத்தால் ஈவு 19, மீதி சுழியம். இரண்டாம் வாசலில் `False` கிடைத்துவிடுகிறது. 2000 முதல் வாசலிலேயே `True` பெற்றுக்கொள்கிறது. 2024-க்கு முதல் இரண்டு வாசல்களும் பொருந்தாததால் கடைசி வரி வரை வந்து, அங்கே `True` பெறுகிறது. 2023-உம் கடைசி வரிக்கே வருகிறது. அங்கே மீதி 3 என்பதால் `False`.

இதையே ஒரு வரியிலும் எழுதலாம்:

```python
def is_leap(year):
    return year % 4 == 0 and (year % 100 != 0 or year % 400 == 0)
```

நான்கால் வகுபட வேண்டும்; அதோடு, நூறால் வகுபடாமல் இருக்க வேண்டும் அல்லது நானூறால் வகுபட வேண்டும். இந்த வரியில் `or` இருக்க வேண்டிய இடத்தில் `and` போட்டுவிடுவது, தொடக்கத்தில் இருப்பவர்களிடம் அடிக்கடி நான் பார்ப்பது. "நூறால் வகுபடக்கூடாது, நானூறால் வகுபட வேண்டும்" என்று வாயால் சொல்லும்போது இரண்டுமே தேவை என்பது போல ஒலிக்கிறது. அதை அப்படியே `and` என்று எழுதிவிடுகிறார்கள். நூறால் வகுபடாமல் நானூறால் வகுபடும் எண் உலகத்தில் கிடையாது; ஆகவே அந்தச் செயற்கூறு எந்த ஆண்டுக்கும் `True` தராது. 2024-ஐக் கொடுத்தவுடனேயே தெரிந்துவிடும் என்பதால் இது பெரிய ஆபத்தில்லை.

ஆபத்து தெரியாமல் மறைந்திருப்பவற்றில்தான் உள்ளது. முதல் செயற்கூறு 1901 முதல் 2099 வரை உள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் சரியான விடையே தருகிறது. இடையில் வரும் ஒரே நூற்றாண்டு ஆண்டான 2000, விலக்குக்கு விலக்காக அமைந்து அதைக் காப்பாற்றிவிடுகிறது. மனம் போன போக்கில் பத்து ஆண்டுகளைக் கொடுத்துச் சோதித்தாலும், நம் கை தானாகத் தட்டுவது நம் காலத்து ஆண்டுகளைத்தான், பிழை அகப்படாது. எனவே ஒவ்வோர் அடுக்கையும் தொடும் ஆண்டுகளைத் தெரிந்தெடுக்க வேண்டும்: 2023, 2024, 1900, 2000 என்ற நான்கும் போதும். முதலிரண்டும் நான்கின் விதியையும், 1900 நூறின் விலக்கையும், 2000 நானூறின் மீட்சியையும் தொடுகின்றன.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 1 முதல் 400 வரையான எண்கள் எல்லாவற்றையும் கொடுத்து, எத்தனை முறை `True` வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது அது:

```python
print(sum(is_leap(y) for y in range(1, 401)))
```

பைத்தானில் கூட்டும்போது `True` என்பது 1 ஆகவும் `False` என்பது 0 ஆகவும் கொள்ளப்படும். `range(1, 401)` என்பது 400-இல் நின்றுவிடும். 400 எண்களில் நான்கால் வகுபடுபவை 100. அவற்றுள் 100, 200, 300, 400 என்ற நான்கை நீக்கினால் 96. நீக்கியவற்றுள் 400-ஐ மீண்டும் சேர்த்தால் 97. ஆகவே சரியான விடை 97. நம் முதல் செயற்கூறு 100 என்று காட்டும். அரைத் திருத்தம் 96 என்று காட்டும். வரிசை மாறிய மூன்றாவதும் 100 என்றே காட்டும். `or`-க்குப் பதில் `and` போட்டது 0 என்று காட்டும். திரையில் வரும் ஒரே எண்ணைப் பார்த்து எந்த அடுக்கு விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். எண்ணிக்கை மட்டும் பொருந்தி ஆண்டுகள் மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், மேலே சொன்ன நான்கு ஆண்டுகளையும் கூடவே பார்த்துவிடுவது நல்லது. பைத்தானில் எழுதுபவர்கள், அந்த மொழியோடு வரும் `calendar.isleap` என்ற செயற்கூறோடு தம்முடையதை ஒப்பிட்டு, வேறுபடும் ஆண்டுகளை அச்சிட்டும் பார்க்கலாம். 100, 200, 300, 500 என்று வரிசை வந்தால் நூறின் நிபந்தனை செயல்படவில்லை. 400, 800, 1200 என்று வந்தால் நானூறின் நிபந்தனை இல்லை.

இந்தப் பிழை மாணவர்களின் பயிற்சி ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. எக்செல் விரிதாளில் ஒரு கட்டத்தில் 60 என்று எழுதி, அதன் வடிவத்தைத் தேதியாக மாற்றிப் பாருங்கள்: 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். எக்செல் தேதிகளை 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று கொண்டு எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையில் இல்லாத நாளுக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. எக்செலுக்கு முன்பு பரவலாக இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது; அதில் உருவாக்கிய கோப்புகளின் தேதி எண்கள் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எக்செலிலும் அதே கணக்கை வைத்தார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனமே இதைத் தன் ஆவணத்தில் விளக்கியிருக்கிறது. இதன் விளைவாக 2000 ஜனவரி 1-க்கு எக்செல் தரும் எண் 36526. உண்மையில் எண்ணினால் 36525 வர வேண்டும். 1900 மார்ச் 1-க்குப் பிறகான கிழமைகள் சரியாகவே வருகின்றன. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கு மட்டும் கிழமை ஒரு நாள் தவறி, திங்களான 1900 ஜனவரி 1 ஞாயிறாகத் தெரிகிறது. இப்போது திருத்தினால் ஏற்கெனவே சேமித்து வைத்துள்ள தேதிகளெல்லாம் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதால், தெரிந்தே அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரு நிபந்தனை விட்டுப்போன இடத்தின் மேல் மற்றவர்கள் கட்டடம் கட்டிவிட்டால் பின்னர் அடித்தளத்தைத் தொட முடியாது என்பதை நான் இந்த 60 என்ற எண்ணைக் காட்டித்தான் விளக்குவது வழக்கம்.

நான்கின் விதியை மட்டும் வைத்துக்கொள்வது எப்போதுமே பிழை என்று சொல்வதும் சரியல்ல. சிறு மின்னணுக் கருவிகளில் நேரம் காக்கும் DS1307 என்ற சில்லு, ஆண்டை இரண்டு இலக்கங்களில் மட்டுமே வைத்திருக்கிறது. லீப் ஆண்டுத் திருத்தம் 2100 வரை செல்லும் என்று அதன் விவர ஏட்டிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். எல்லையை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு எளிய விதியைப் பயன்படுத்துவது ஒரு தேர்வு. எல்லை இருக்கிறது என்றே தெரியாமல் பயன்படுத்துவதுதான் பிழை.

சரியான செயற்கூறுக்கும் ஓர் எல்லை உண்டு. அது சொல்வது கிரகோரியன் நாட்காட்டியின் விதியை; அந்த நாட்காட்டி எல்லா நாடுகளுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பிரிட்டன் 1752 வரை ஜூலியன் கணக்கிலேயே இருந்ததால், 1700-ஆம் ஆண்டில் அங்கே பிப்ரவரி 29 இருந்தது, பிரான்சில் இல்லை. அதுவரை பத்து நாளாக இருந்த இடைவெளி அன்றோடு பதினொன்றாயிற்று. 1740-களில் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் எழுதிய கடிதத்தின் தேதிக்கும், அதே நாளில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் எழுதியதன் தேதிக்கும் பதினொரு நாள் வேறுபாடு இருப்பது இதனால்தான். பழைய ஆவணங்களின் தேதிகளைக் கையாளும் நிரலில் நம் செயற்கூறை அப்படியே போட்டால், சென்னையில் எழுதப்பட்ட 1700 பிப்ரவரி 29 என்ற உண்மையான தேதியை அது தள்ளிவிடும். அத்தகைய நிரலுக்கு, எந்த நாட்டு ஆவணம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும். பிரிட்டன் அந்தப் பதினொரு நாளை நீக்கிய மாதத்தை இன்றும் லினக்ஸ் கணினியில் பார்க்கலாம். முனையத்தில் `cal 9 1752` என்று தட்டினால், செவ்வாய்க்கிழமை 1, புதன்கிழமை 2, அதற்கு அடுத்து வியாழக்கிழமை 14 என்று அந்த மாதம் திரையில் வரும்.